வெக்கைக்கு ஏற்ற முழு உடை

மட்டக்களப்பு வாவிக் கரையில் மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும். தென்மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலைகளைத் தாண்டி இறங்கி வருவதால் அது உலர்ந்தும் சூடாகவும் இருக்கும். வெயில் 33, 34 பாகையைத் தொடும் அந்த மாதங்களிலும் காத்தான்குடி, ஏறாவூர்ப் பெண்கள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மறைக்கும் அபாயாவுடன் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வருகிறார்கள். படுவான்கரையில் களை பிடுங்கும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வயலில் இறங்குகிறார்கள். முன்னது மார்க்கத்துக்காக, பின்னது வெயிலுக்காக. ஆனாலும் இரண்டு உடைகளுக்கும் சிக்கல் ஒன்றுதான்: உடல் மூடியிருக்க வேண்டும், வியர்வையும் உலர வேண்டும்.

தோலின் வெப்பம் ஏறத்தாழ 34, 35 பாகை. வெளிக்காற்றும் அந்த அளவுக்குச் சூடாகிவிட்டால் காற்றுப் பட்டதாலேயே உடல் குளிர்வதில்லை. வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம் மட்டுமே உடலைக் காக்கிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் போகும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் அந்தப் பயன் இல்லை. கச்சான் வீசும் வெளியில் வியர்வை தானாகவே காய்ந்துவிடும். வாவியோரத்தில் காற்று அடங்கிப்போகும் நேரங்களில்தான் தொல்லை. துணிக்கும் தோலுக்கும் இடையில் நிற்கும் காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் அதற்கு மேல் எதுவும் காயாது. அந்தக் காற்று வெளியேறிப் புதுக்காற்று உள்ளே வர வழி செய்வதே வெக்கைக்கான தையல்.

கறுப்பு நிறம் சுடும் என்பது பொதுவான நம்பிக்கை. ஷ்கோல்னிக் முதலான நால்வர் நெகேவ் பாலைவனத்தில் இதைச் சோதித்து, 1980இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஒருவரையே பெதூயின் மக்களின் தளர்ந்த கறுப்பு அங்கியிலும் அதே அமைப்பிலுள்ள வெள்ளை அங்கியிலும் வெயிலில் நிற்கவைத்து அளந்தார்கள். கறுப்புத் துணி கூடுதல் வெப்பத்தை உறிஞ்சியது உண்மைதான். ஆனால் உடலைச் சென்றடைந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. துணியில் ஏறிய வெப்பத்தை, அங்கிக்கும் தோலுக்கும் இடையே ஓடிய காற்று வெளியே கொண்டுபோய்விட்டது. இந்த முடிவு தளர்ந்த அங்கிக்கு மட்டுமே பொருந்தும். தோளோடும் முதுகோடும் ஒட்டிக் கிடக்கும் கறுப்புத் துணி வெப்பத்தை நேரே தோலுக்குக் கடத்திவிடும்.

வெள்ளைத் துணிக்கு வேறொரு குறை உண்டு. மெல்லிய வெள்ளைப் பருத்திக்குள் உடல் நிழலாடும். அதை மறைக்க உள்ளே லைனிங் வைத்தால் துணி இரண்டு அடுக்காகி, மெல்லியதை வாங்கியதன் பயன் அங்கேயே போய்விடும். மெல்லிய சிஃபான், ஜோர்ஜெட் துணிகள் காற்றை நன்றாக விட்டாலும் பெரும்பாலும் இதே காரணத்தால் தோற்றுப்போகின்றன. ஆகவே லைனிங் இல்லாமலே மறைக்கும் மெல்லிய துணியைத் தேட வேண்டும். கருநீலம், கரும்பச்சை, கறுப்பு போன்ற அழுத்தமான நிறங்களும், நெருக்கமான சிறு பூ அச்சும் மெல்லிய துணியிலேயே உடலை மறைத்துவிடும். ஒற்றை அடுக்குக் கறுப்பு வாயில், லைனிங் வைத்த வெள்ளையைவிட உடலுக்கு இலகு.

நூலைவிட நெசவே முக்கியம். கடைகளில் அபாயாவுக்கென்று விற்கும் நிதா, கிரேப் வகைகளில் பெரும்பாலானவை பொலியெஸ்டர். அவை கசங்காது, மடிப்பு அழகாக விழும். பொலியெஸ்டர் நூல் தன் எடையில் அரை வீதத்துக்கும் குறைவான ஈரத்தையே ஏற்கும். பருத்தி எட்டு வீதத்துக்கும் மேல் ஏற்கும். ஆனால் பருத்தியே ஆனாலும் நெருக்கி நெய்த தடித்த துணி காற்றை விடாது. துணியை ஒற்றை அடுக்காக வாயோடு அழுத்திப் பிடித்து ஊதினால், மறுபக்கம் வைத்த உள்ளங்கையில் மூச்சுப் பட வேண்டும். மருதமுனைக் கைத்தறிச் சேலைகளையும் சாரங்களையும் வாங்கும்போதும் இப்படிச் சோதிக்கலாம், ஏனென்றால் ஒரே ஊர்த் தறிகளிலும் நெருக்கிய நெசவும் தளர்ந்த நெசவும் உண்டு. பருத்தி என்ற பெயரில் கலப்புத் துணி வந்தால் ஓரத்து நூல் இரண்டைக் கொளுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பருத்தி, காகிதம் எரிந்த மணத்துடன் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாகும்.

வெட்டு முறைக்கு ஓர் அளவை எடுத்துக்கொள்ளலாம். மார்பளவு 38 அங்குலம், தோளிலிருந்து கணுக்கால் வரை 54 அங்குலம் உள்ள பெண்ணுக்கு 44 அங்குல அகல வாயிலில் தைக்கும் அபாயா அது. தைத்து முடிந்ததும் மார்புச் சுற்று 48 அங்குலமாவது இருக்க வேண்டும். அந்தப் பத்து அங்குலத் தளர்ச்சிதான் துணிக்கும் தோலுக்கும் இடையே காற்று ஓட இடம் விடுகிறது. அக்குளிலிருந்து கீழே விரிந்துகொண்டே போகும் வெட்டில், முன் பின் துண்டுகள் துணியின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். கீழ்ச்சுற்று 84 அங்குலம் வரை வரும். நடக்கும்போது அந்த விரிவு விசிறிபோல் அசைந்து கீழிருந்து காற்றை உள்ளே தள்ளும். சூடேறிய காற்று மேலெழுந்து கழுத்து வழியாகவும் கை வழியாகவும் வெளியேறும். கைவாய் 13 அங்குலச் சுற்றில் திறந்திருப்பது நல்லது. மணிக்கட்டில் இலாஸ்டிக் வைத்து இறுக்கினால் அந்த வழி அடைபடும். கை உயர்த்தும்போது துணி விலகுமென்று தயங்குவோர் உள்ளே மெல்லிய பருத்தி உள்கை அணிந்துகொள்ளலாம்.

முதலில் நனைந்து ஒட்டும் இடம் அக்குள். அங்கே நான்கு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் துணி இழுபடாமல் உடலை விட்டு விலகி நிற்கும். முன்னுக்கும் பின்னுக்கும் 57 அங்குலம் வீதம், கைகளுக்கு அருகருகே வெட்ட 24 அங்குலம் என மொத்தம் 138 அங்குலம் வேண்டும். அக்குள் துண்டுகள் கைகளுக்குப் பக்கத்தில் மிஞ்சும் ஓரத்திலேயே கிடைக்கும். புதுப் பருத்தி சுருங்கும் என்பதால் நாலே கால் யார் வாங்கி, ஓர் இரவு நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். அப்படிச் செய்யாத உடை முதல் துவைப்பிலேயே கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும்.

இத்தனையும் செய்துவிட்டு உள்ளே இறுக்கமான பொலியெஸ்டர் பாவாடையும் தலையில் நைலோன் உள்தொப்பியும் போட்டால் மேலாடையால் பயனில்லை. உள்ளே கையில்லாத தளர்ந்த பருத்தி உள்ளாடை போதும். தலைத்துணியைத் தாடைக்குக் கீழே ஊசிகுத்தி இறுக்காமல் கழுத்தைச் சுற்றித் தொங்கவிட்டால், மேலேறும் சூட்டுக்கு வெளியேற வழி கிடைக்கும். முந்திய தலைமுறைப் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டபோது அந்த வழி தானாகவே இருந்தது.

பருத்திக்கும் எல்லை உண்டு. வயலில் மணிக்கணக்காக வியர்வை ஓடினால் அது நனைந்து கனத்து உடம்போடு ஒட்டும். அதனால் நாள் முழுதும் வெயிலில் நிற்பவர்கள் நடுப்பகலில் மாற்ற இன்னொரு சட்டை வைத்திருப்பது நல்லது. கஞ்சி போட்டால் நெசவின் துளைகள் அடைபடும் என்பதால் கச்சான் மாதங்களில் அதைத் தவிர்க்க வேண்டும். நவம்பரில் வாடையோடு மாரி பிறந்ததும் நிலைமை மாறும். பருத்தி கொடியில் இரண்டு நாள் ஈரமாகவே தொங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். அப்போது பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த மெல்லிய துணி, அதே தளர்ந்த வெட்டில், விரைவாகக் காய்ந்துவிடும்.