மிதவை சொல்லும் கணக்கு

தண்ணீர் ஊற்றும் 12 வோல்ட் இன்வெர்ட்டர் பேட்டரியில் ஆறு செல்கள். மின்சாரம் தரத் தர, ஆசிட்டிலுள்ள சல்பேட் ஈயத் தகடுகளில் சேரும். ஆசிட்டின் அடர்த்தி குறையும். ஹைட்ரோமீட்டர் மிதவை அதில் ஆழமாக அமிழும்.

முழு சார்ஜ் ஆனபின், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு செல்லாக ஆசிட்டை உறிஞ்சிப் பாருங்கள். மிதவை குழாயில் ஒட்டாமல் நிற்கட்டும். கண் மட்டத்தில் படியுங்கள். ஆசிட்டை அதே செல்லிலேயே திரும்ப விடுங்கள்.

ஐந்து செல்கள் 1.240 காட்டி, ஒன்று மட்டும் 1.150 காட்டுகிறதா? மறுபடி நன்றாக சார்ஜ் ஏற்றுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் பழுது அந்தச் செல்லில்தான்.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியவுடன் மட்டும் அளக்காதீர்கள். தண்ணீர் மேலேயே நிற்பதால் நல்ல செல்லும் குறைவாகக் காட்டும். சார்ஜ் ஏறிக் கலந்தபின் அளவெடுங்கள்.