படத்தில் இருப்பது விலை. கணக்கு நம் கையில்
(ஓசூரில் குடியிருப்போருக்கான கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்க தெரு வாட்ஸ்அப் குழுவுல ஒரு படம் வருது. டெண்டர் விலைப்பட்டியல். யாரோ ஒருத்தர் சிவப்பு வட்டம் போட்டு, "குறைவா கேட்டவரை விட்டுட்டு அதிகமா கேட்டவருக்கு வேலையைக் கொடுத்துட்டாங்க"ன்னு எழுதியிருக்காரு. அரை மணி நேரத்துல நூறு பேர் பார்த்துடறாங்க. அது உண்மையா, பொய்யா? அந்தப் படத்தை வைத்தே ஓரளவுக்குச் சொல்லிவிடலாம். அதற்குக் கால்குலேட்டரும் பத்து நிமிடமும் போதும். அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

முதலில் என் கதை. கல்லூரியில் இதழியல் படித்தபோது இப்படி ஒரு படத்தைப் பார்த்து, "93 கன மீட்டர் மண் வெட்ட, கன மீட்டருக்கு 1,800 ரூபாயா!" என்று கொதித்துப்போய்ச் செய்தியே எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன் ஒரு பொறியாளர் அண்ணன்கிட்ட காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி 'அலகு' என்ற கட்டத்தைக் காட்டினார். அதில் இருந்தது '10 கன மீட்டர்'. அதாவது கன மீட்டருக்கு 180 ரூபாய்தான். மண் வேலைக்கு 10 கன மீட்டரை ஓர் அலகாக வைத்து விலை எழுதும் வழக்கம் பொதுப்பணிகளில் உண்டு. ஒரு கட்டத்தைப் படிக்காததால் ஒருவர் மேல் பத்து மடங்கு பழி போட இருந்தேன்.

அதனால் முதல் வேலை, படத்தை முழுசாகப் படிப்பது. விலைப்பட்டியலில் பொதுவாக ஆறு கட்டங்கள் இருக்கும்: வரிசை எண், வேலையின் விவரம், அளவு, அலகு, அலகு விலை, தொகை. அலகு விலையை நாம் 'ரேட்' என்கிறோம். மேலே தலைப்பு வரி வெட்டுப்பட்டிருந்தால், அந்தப் படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எது ரேட், எது தொகை, வரி சேர்ந்ததா சேராததா என்பதெல்லாம் அந்த வரியில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது புள்ளியும் காற்புள்ளியும் ஒன்றுபோலத் தெரியும். 3-க்கும் 8-க்கும், 1-க்கும் 7-க்கும் குழப்பம் வரும். முடிந்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

இரண்டாவது வேலை, பெருக்கல். இதற்கு ஒரு பயிற்சிக் கணக்கு போட்டு வைத்திருக்கிறேன். இது எந்த உண்மையான டெண்டரும் இல்லை.

சிப்காட் பக்கம் ஒரு குறுக்குத் தெரு. நீளம் 155 மீட்டர், அகலம் 4 மீட்டர். பேவர் பிளாக் போட வேண்டும். வேலை நான்கு. மண் வெட்டுதல் 93 கன மீட்டர். எம்-சாண்ட் விரிப்பு 31 கன மீட்டர். பேவர் பிளாக் 620 சதுர மீட்டர். இரு பக்கமும் ஓரக்கல் 310 மீட்டர். தெருவின் நீள அகலம் தெரிந்தால் இந்த அளவுகளையும் சரிபார்க்கலாம். 155-ஐ 4-ஆல் பெருக்கினால் 620. இரு பக்கமும் சேர்த்து 155 இரண்டு முறை, 310. சரியாக வருகிறது.

மூன்று பேர் விலை கொடுத்திருக்கிறார்கள். அவர்களை அ, ஆ, இ என்று வைத்துக்கொள்வோம். படத்தின் அடியில் உள்ள மொத்தம் இது:

அ: 6,80,140 ரூபாய்
ஆ: 6,27,370 ரூபாய்
இ: 6,87,425 ரூபாய்

பார்த்தவுடனே என்ன சொல்வோம்? ஆ-தான் குறைவு, அவருக்குத்தான் வேலை என்போம். வேலை அ-வுக்குப் போனால் குழுவில் சிவப்பு வட்டம்தான்.

இப்போது வரி வரியாகப் பெருக்கிப் பார்க்கலாம். அ கொடுத்த ரேட்டுகள் 180, 1,900, 780, 390. நான்கு வரியும் சரி, கூட்டலும் சரி. ஆ-வின் பேவர் பிளாக் வரிக்கு வாருங்கள். அளவு 620, ரேட் 795. பெருக்கினால் 4,92,900. படத்தில் எழுதியிருப்பது 4,29,900. 9-உம் 2-உம் இடம் மாறிவிட்டன. வித்தியாசம் 63,000 ரூபாய். பழைய கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரு குறிப்பு உண்டு: பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும். 63,000-ஐ 9-ஆல் வகுத்தால் 7,000. மீதி இல்லை. 9-ஆல் வகுபட்டாலே இடம் மாற்றம்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எங்கே தேடுவது என்று காட்டும்.

சரி, ரேட் ஒன்று சொல்கிறது, தொகை ஒன்று சொல்கிறது. எதை எடுப்பது? டெண்டர் ஆவணங்களில் பொதுவாக இருக்கும் நிபந்தனை: இரண்டும் மாறினால் அலகு விலையே செல்லும், தொகையைத் திருத்த வேண்டும். காரணம் எளிது. இப்படி இனவாரியாக ரேட் கொடுக்கும் ஒப்பந்தத்தில், வேலை முடிந்ததும் அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, அந்த அளவை ரேட்டால் பெருக்கித்தான் பணம் கொடுப்பார்கள். 620-க்குப் பதில் 600 சதுர மீட்டர்தான் போட்டார் என்றால் 600-க்குத்தான் பணம். அங்கே பயன்படுவது ரேட். தொகை என்பது அதிலிருந்து வரும் கணக்கு மட்டுமே. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. அதன் 2000-ஆம் ஆண்டு விதிகளும், விலையை ஒப்பிடும்போது கணக்குப் பிழைகளைத் திருத்திய பிறகே பார்க்க வேண்டும் என்கின்றன. எண்ணில் ஒரு விலையும் எழுத்தில் வேறு விலையும் இருந்தால், இரண்டில் குறைவானதை எடுக்கச் சொல்கின்றன.

ஆக, திருத்திய பிறகு ஆ-வின் மொத்தம் 6,90,370. குறைவானவராகத் தெரிந்தவர் இப்போது அ-வைவிட 10,230 ரூபாய் அதிகம்.

இப்ப இ-யைப் பாருங்க. ஓரக்கல் வரி: அளவு 310, ரேட் 42.00, தொகை 1,30,200. 310-ஐ 42-ஆல் பெருக்கினால் 13,020தான். "ரேட்தான் செல்லும்னு இப்பத்தானே சொன்னீங்க? அப்ப இ-யின் மொத்தம் 5,70,245 ஆயிடுமே, அவருக்குத்தானே வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

இங்கேதான் நிதானம் வேண்டும். 1,30,200-ஐ 310-ஆல் வகுத்தால் சரியாக 420. மற்ற இருவரும் ஓரக்கல்லுக்குக் கேட்டது 390, 385. அப்படியென்றால் இ எழுத நினைத்தது 420. புள்ளி ஓர் இடம் தள்ளி விழுந்திருக்கிறது. உலக வங்கியின் மாதிரி டெண்டர் ஆவணத்தில் இதற்கு ஒரு விலக்கு உண்டு: அலகு விலையில் தசமப் புள்ளி இடம் மாறியது வெளிப்படையாகத் தெரிந்தால், தொகையை வைத்துக்கொண்டு ரேட்டைத் திருத்த வேண்டும். நம் நாட்டுப் பல டெண்டர்களிலும் இதே வாசகம் இருக்கிறது. அந்த நிபந்தனைப்படி இ-யின் மொத்தம் 6,87,425 அப்படியே நிற்கும்.

இப்போது வரிசை: அ 6,80,140, இ 6,87,425, ஆ 6,90,370. அடியில் இருந்த மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஆ முதல். கண்ணை மூடிக்கொண்டு ரேட்டை மட்டும் பிடித்தால் இ முதல். நிபந்தனையைப் படித்துக் கணக்குப் போட்டால் அ முதல். ஒரே படம்தான்! அதனால் விலைப்பட்டியலோடு அந்த டெண்டரின் நிபந்தனைப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். விலக்கு அதில் இல்லை என்றால், அது ஒப்பந்தப்புள்ளிக் குழு தீர்மானிக்க வேண்டிய விஷயம். நாம் தீர்ப்பு எழுத முடியாது.

வரிகள் நிறைய இருந்தால் போனில் கூகுள் ஷீட்ஸ் திறந்து, B-யில் அளவு, C-யில் ரேட், D-யில் படத்தில் உள்ள தொகை என்று அடியுங்கள். E2, F2 கட்டங்களில் இவை:

```
=B2*C2
=D2-E2
```

இரண்டையும் நகலெடுத்து, கீழே உள்ள வரிகளிலும் ஒட்டிவிடுங்கள். F-இல் பூஜ்யம் வந்தால் அந்த வரி சரி. சில பைசா வித்தியாசம் ரூபாய்க்கு முழுமையாக்கியதால் வரும், அதை விடுங்கள். மேலும் ஒன்று: பல பக்கப் பட்டியலில் 'முன் பக்கத் தொகை' என்று ஒரு வரி வரும். அதையும் சேர்த்துக் கூட்டினால் ஒரே பணம் இரண்டு முறை எண்ணப்படும்.

நம்ம எல்லை ஊருக்கே உரிய ஒரு விஷயம், ஜிஎஸ்டி. ஓசூரில் பதிவு செய்தவர் 18 சதவீத வரியை மத்திய வரி 9, மாநில வரி 9 என்று இரண்டு கட்டமாகக் காட்டுவார். அத்திப்பள்ளியில் பதிவு செய்தவர் இங்கே வேலை செய்தால் ஒருங்கிணைந்த வரி 18 என்று ஒரே கட்டத்தில் காட்டுவார். படத்தில் ஒரு 9 வெட்டுப்பட்டுப் போனால், கர்நாடகக்காரர் இரண்டு மடங்கு வரி கேட்பதுபோலத் தெரியும். மூவரின் தொகையையும் வரிக்கு முன் வைத்து ஒப்பிடுங்கள், அல்லது மூவருக்கும் முழு வரியைச் சேர்த்து ஒப்பிடுங்கள். கலக்காதீர்கள்.

கடைசியாக, பிழை கண்டுபிடித்தால் என்ன செய்வது? மின் டெண்டராக இருந்தால் tntenders.gov.in தளத்தில் டெண்டர் எண்ணைத் தேடுங்கள். அங்கே ஒப்பந்ததாரர் ரேட்டை மட்டும்தான் நிரப்புவார், பெருக்கலை எக்செல் கோப்பே செய்துவிடும். அதனால் அந்தப் பட்டியலில் பெருக்கல் பிழை தெரிந்தால், முதலில் படத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். யாரோ தட்டச்சு செய்த நகலாக இருக்கலாம். காகிதத்தில் வாங்கும் சிறு விலைப்புள்ளிகளில்தான் உண்மையான கைப்பிழைகள் வரும். முடிவான பிறகு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில், ஒப்பீட்டுப் பட்டியலின் நகலை அந்த அலுவலகப் பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. மனுவில் "ஊழல்" என்று எழுத வேண்டாம். "வரிசை எண் 3-இல் 620-ஐ 795-ஆல் பெருக்கினால் 4,92,900 வருகிறது, பட்டியலில் 4,29,900 உள்ளது, ஒப்பிடும்போது எந்தத் தொகை எடுக்கப்பட்டது?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டால் அந்த ஒரு வரிக்கு நேராகப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தச் சிவப்பு வட்டப் படம் அடுத்த முறை வரும்போது, பகிர்வதற்கு முன் மூன்றாவது வரியைப் பெருக்கிப் பாருங்க.