சேர்விடாப்பில் ஒரு வரி

 

இந்தப் பட்டமளிப்பு விழாவில் பேசுவதற்கு என்னைக் கேட்டவர்கள், இந்த வாரத்தோடு நான் ஓய்வு பெறுகிறேன் என்பதை அறிந்து, என்னுடைய ஆசிரியர்களையும் பெற்றோரையும் பழைய மாணவர்களையும் சேர்த்தே அழைத்திருக்கிறார்கள். பாடசாலையில் நடக்க வேண்டிய சேவைநலன் பாராட்டு விழா இங்கேயே நடக்கட்டும் என்று நானும் சொல்லிவிட்டேன். ஆகவே பட்டம் பெறும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் இந்தச் செய்தியே என் சக ஆசிரியர்களுக்கு நான் சொல்லும் பிரியாவிடையும் ஆகும்.

ஓர் அதிபர் போகும்போது எதை ஒப்படைக்கிறார் என்று பெற்றோர் அதிகம் யோசித்திருக்க மாட்டீர்கள். அலுமாரிச் சாவிகள், பொருட்பதிவேடு, வங்கிப் புத்தகம், சம்பவத் திரட்டுப் புத்தகம், ஆய்வுகூடத்தில் உள்ள சாமான்களின் பட்டியல் என்று பல இருக்கும். ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்து இருவரும் ஒப்பமிடுவோம். கதிரை ஒன்று குறைந்தால் காரணம் எழுதி, பிறகு வேறொன்று வாங்கலாம். தொலைந்தால் திரும்ப வாங்க முடியாத ஒன்று சேர்விடாப்பு. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தடித்த மட்டையும் அகலமான தாள்களும் கொண்ட பெரிய புத்தகம் அது. ஒரு பிள்ளை முதல் நாள் பாடசாலைக்கு வரும்போது அதில் ஒரு வரி எழுதுவோம். சேர்வு இலக்கம், சேர்ந்த திகதி, முழுப்பெயர், பிறந்த திகதி, தகப்பன் அல்லது பாதுகாவலர் பெயர், முகவரி, முன்பு படித்த பாடசாலை, சேர்ந்த வகுப்பு. கடைசிக் கட்டங்கள் இரண்டும் வெறுமையாக இருக்கும். பிள்ளை விலகும் நாளில்தான் திகதியும் காரணமும் எழுதி அவற்றை நிரப்புவோம். மற்றப் பதிவேடுகளைக் குறித்த காலம் வைத்திருந்துவிட்டு அழிக்கலாம். சேர்விடாப்பை ஒருபோதும் அழிக்கக் கூடாது.

பிள்ளைகளே, இன்று உங்கள் கைக்கு வரும் சான்றிதழில் உள்ள பெயரைப் பாருங்கள். அது பல்கலைக்கழகப் பதிவிலிருந்து வந்தது. அந்தப் பதிவு உயர்தரப் பெறுபேற்றிலிருந்தும், அதிலுள்ள பெயர் சாதாரண தர விண்ணப்பத்திலிருந்தும் வந்தவை. சாதாரண தர விண்ணப்பத்தையும் தேசிய அடையாள அட்டை விண்ணப்பத்தையும் அனுப்பியது பாடசாலை. பாடசாலை அந்தப் பெயரைச் சேர்விடாப்பிலிருந்து எடுத்து, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு ஒப்பிட்டு அனுப்பியது. தவராசா என்று ஓரிடத்திலும் தவராஜா என்று இன்னோரிடத்திலும் எழுதிவிட்டால், ஆங்கிலத்தில் அவை இரண்டு பெயர்களாகிவிடும். அந்த ஒரு எழுத்துக்காகக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் நின்ற பழைய மாணவர்கள் சிலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள்.

அமைதியான ஊரில் இதெல்லாம் சாதாரண எழுத்து வேலை. கொட்டியாரக் குடாவைச் சுற்றி வாழ்ந்த எங்களுக்கு அப்படி இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் கிண்ணியாவுக்குள்ளும் மூதூருக்குள்ளும் நிலாவெளிக்குள்ளும் வந்தது. கரையோரத்தில் பல வீடுகளில் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள் பெட்டியோடு போயின. அதிலிருந்து எழும்ப முதல் 2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவுப் பிரச்சினை வந்தது. ஓகஸ்டில் மூதூர் நகரத்து முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். மூதூர் கிழக்குத் தமிழ் மக்கள் ஈச்சிலம்பற்றைக்கும், அங்கிருந்து வாகரைக்கும், பிறகு மட்டக்களப்பு முகாம்களுக்கும் போனார்கள். 2007இல் மட்டக்களப்பிலிருந்து திரும்பி வந்தவர்களில் சம்பூர்ப் பக்கத்தாருக்குச் சொந்த ஊர் கிடைக்கவில்லை. அது உயர்பாதுகாப்பு வலயமாகிவிட்டது. கிளிவெட்டியிலும் அதைச் சுற்றியும் இருந்த முகாம்களில் அவர்கள் தங்கினார்கள்.

ஊர் இடம்பெயரும்போது பிள்ளைகள் விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு வருவதில்லை. அதை எழுதிக் கொடுக்க வேண்டிய அதிபரும் அதே கூட்டத்தில் நடந்து கொண்டிருப்பார். விடுகைப் பத்திரம் இல்லாத பிள்ளையை நிரந்தரமாகச் சேர்க்க முடியாது என்று சட்டம் பேசலாம். ஆனால் மரத்தடியில் நிற்கிற பிள்ளையை யார் திருப்பி அனுப்புவது? தற்காலிகமாகச் சேர்த்தோம். அந்தத் தற்காலிகப் பட்டியல்களிலிருந்துதான் பின்னாளைய சிக்கல்கள் தொடங்கின.

ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். 2007இல் முகாமிலிருந்து தாயோடு வந்தார். கையில் கடதாசி ஒன்றும் இல்லை. அதற்கு முன் அவரைப் பதிந்திருந்த தற்காலிக வகுப்பில், ஆள் மெலிவாகவும் கட்டையாகவும் இருந்ததைப் பார்த்து, பிறந்த திகதி 2002 ஜனவரி 1 என்று எழுதி, தரம் ஒன்றில் விட்டிருந்தார்கள். ஆசிரியர்களுக்கு ஒரு அடையாளம் சொல்கிறேன்: ஒரு வகுப்பு இடாப்பில் ஜனவரி 1 என்ற பிறந்த திகதி மூன்று நான்கு தடவை வந்தால், அந்தப் பிள்ளைகளின் வயதை யாரோ முகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்து கொள்ளுங்கள். அந்தப் பெயர்களுக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

தாயிடம் எந்த ஆண்டு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கேள்வியை மாற்றி, "மகன் பிறந்த நேரம் ஊரிலே என்ன நடந்தது, அம்மா?" என்று கேட்டேன். "சூறாவளி அடிச்சு மூண்டு நாளையால, சேர். ஆஸ்பத்திரிக் கூரையெல்லாம் ஒழுகினது" என்றார். திருகோணமலையைச் சூறாவளி தாக்கியது 2000 டிசம்பர் 26 அன்று. அப்படியென்றால் பையன் 29ஆம் திகதி அளவில் பிறந்திருக்க வேண்டும். எழுதப்பட்ட வயதைவிட ஒரு வருடம் மூத்தவர். ஐந்து வயது நிறைந்து, 2006 ஜனவரியில் ஊரில் தரம் ஒன்றில் சேர்ந்து, ஓகஸ்டில் ஓடும்வரை படித்திருக்கிறார். முகாமில் அவரை மறுபடியும் தரம் ஒன்றில் இருத்தியிருக்கிறார்கள்.

தாயின் வார்த்தை தேடலுக்குத் திசை காட்டும். அதை மட்டும் வைத்து இடாப்பில் திகதி எழுத முடியாது. பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட மிட்வைஃப் அம்மாவைத் தேடினோம். கிளினிக் கார்ட் வீட்டோடு போயிருந்தாலும், அவர் தன் பகுதிப் பிள்ளைகளுக்கென்று ஒரு பதிவு வைத்திருப்பார். தாயின் பெயரும், பிறந்த மாதமும், மூத்த பிள்ளை பெண் என்பதும் அதில் இருந்தன. அடுத்து அந்த அக்காவைத் தேடினோம். அவர் வேறொரு பாடசாலையில் படித்தவர். அந்தப் பாடசாலையின் சேர்விடாப்பு தப்பியிருந்தது. தகப்பனின் முழுப்பெயர் சரியான எழுத்தில் அதிலிருந்து கிடைத்தது. கிராம உத்தியோகத்தர் குடும்பத்தை அத்தாட்சிப்படுத்தினார். இவ்வளவும் கையில் இருந்த பிறகுதான் பிறப்புப் பதிவைத் தேடும்படி விண்ணப்பித்தோம். அண்ணளவான திகதியும், தாய் தகப்பன் பெயரும், பிறந்த இடமும் சரியாக இருந்தால் தேடுபவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. திகதி தெரியாமல் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அதன் பிறகு உத்தேச வயதுச் சான்றிதழ்தான் வழி. அது சட்டத்துக்குப் போதும். ஆனால் பிற்காலத்தில் உண்மையான பத்திரம் கிடைத்தால் ஒரே ஆளுக்கு இரண்டு வயது இருக்கும்.

பத்திரம் வந்தது. 2000 டிசம்பர் 29.

இடாப்பைத் திருத்தும் முறையைப் புதிய ஆசிரியர்களுக்குச் சொல்லிவிட்டுப் போகிறேன். அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, தாளைக் கிழிக்கவே கூடாது. பழைய எழுத்து வாசிக்கத் தெரியும்படி சிவப்பு மையால் ஒரே கோடு கிழித்து, மேலே சரியானதை எழுதி, எந்தப் பத்திரத்தைப் பார்த்துத் திருத்தினோம் என்று அதன் இலக்கத்தைக் குறித்து, அதிபர் திகதியிட்டு ஒப்பமிட வேண்டும். அதே செய்தியைச் சம்பவத் திரட்டுப் புத்தகத்திலும் எழுத வேண்டும். பத்து வருடம் கழித்து ஓர் உத்தியோகத்தர் ஏன் இந்தத் திருத்தம் என்று கேட்டால், எழுதியவர் அங்கே இல்லாவிட்டாலும் புத்தகம் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பையனின் அடையாள அட்டையில் இன்று சரியான திகதி இருக்கிறது. இரண்டாம் வகுப்புக்கு ஏற்றியதால் இழந்த ஆண்டும் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

எல்லாருக்கும் அப்படிக் கிடைக்கவில்லை. 2007இல் முகாமில் தரம் ஒன்றில் சேர்ந்த சம்பூர்ப் பிள்ளைகள், தங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வளவு கடற்படையிடமிருந்து திரும்பக் கிடைத்த 2016இல் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அந்த ஒன்பது வருடத்தில் ஒரே பிள்ளை இரண்டு மூன்று பாடசாலைகளில் பதியப்பட்டிருந்தது. ஓரிடத்தில் "விலகினார்" என்று எழுதாமல் விட்டால், இல்லாத பிள்ளைக்கும் அங்கே ஒரு கதிரை கணக்கில் இருக்கும். இன்னோரிடத்தில் காரணம் தெரியாமல் "படிப்பை நிறுத்தினார்" என்று எழுதியிருப்பார்கள். அந்த ஒரு சொல் ஒரு பிள்ளையின் மேல் செய்த அநியாயம். ஓடி வந்த பிள்ளை படிப்பை நிறுத்தவில்லை. எங்கே போனார் என்று தெரியாவிட்டால் "இடம்பெயர்ந்தார்" என்றே எழுதுங்கள்.

இந்த வேலையை நான் தனியே செய்யவில்லை. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை எங்கள் ஆசிரியர்கள் பலர் கிண்ணியாப் பாதையிலும், மூதூர் லோஞ்சிலும் ஏறி வந்தார்கள். மாரியில் வாடைக்காற்று எழும்பினால் லோஞ்ச் ஓடாது. அந்த நாட்களிலும் இடாப்பை மழையில் நனையாமல் பொலித்தீனில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த ரீச்சர்மார் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் நன்றி சொல்வதை இந்தப் பெற்றோர் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பட்டதாரிகளே, உங்களில் சிலர் ஆசிரிய நியமனம் பெறுவீர்கள். சிலர் பிரதேச செயலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் இருப்பீர்கள். உங்கள் மேசைக்கு முன்னால் கடதாசி இல்லாத ஒருவர் வந்து நிற்பார். அவரிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்டு அனுப்பிவிடாதீர்கள். அந்த நேரம் ஊரிலே என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, அதை உறுதி செய்யக்கூடிய இன்னொரு பதிவு எங்கே இருக்கும் என்று நீங்கள் தேடுங்கள். அது உங்கள் வேலைதான்.

என் அலுமாரியில் இன்னும் யாரும் வந்து எடுக்காத விடுகைப் பத்திரங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. இடம்பெயர்ந்த காலத்தில் படித்த பிள்ளைகளுடையவை. பலர் மட்டக்களப்பிலேயே தங்கிவிட்டார்கள், சிலர் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள், சிலர் அதற்கும் தூரம் போய்விட்டார்கள். பழைய மாணவர் சங்கத்தார் பெயர்ப் பட்டியலைப் பிரதி எடுத்திருக்கிறார்கள், வாசலில் வாங்கிக் கொள்ளுங்கள். தெரிந்த பெயர் இருந்தால் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். வர முடியாதவர்கள் அடையாள அட்டைப் பிரதியோடு நெருங்கிய உறவினர் ஒருவரைக் கடிதம் கொடுத்து அனுப்பலாம். பாடசாலை நடக்கும் நாட்களில் காலையில் வந்தால் போதும். சாவி திங்கட்கிழமையிலிருந்து புதிய அதிபரிடம் இருக்கும். எந்த வரியில் எந்தப் பெயர் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்து முடித்துவிட்டோம்.