பெயர் வைக்கும் முன்னே பிறப்புப் பதிவு

குழந்தை பிறந்து 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பல வீடுகளில் அதற்குள் பெயர் முடிவாகியிருக்காது. தாத்தா ஒரு பெயர் சொல்வார், அத்தை வேறொன்று சொல்வார். படிவத்தில் குழந்தையின் பெயர்க் கட்டம் மட்டும் காலியாக இருக்கும்.

அதைக் காலியாகவே விடலாம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. பெயரில்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் செலுத்தி, பதிவான நாளிலிருந்து 15 ஆண்டுகள் வரை சேர்க்க முடியும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று சிலர் ‘பாப்பா’ என்றோ, வீட்டில் கொஞ்சிக் கூப்பிடும் பெயரையோ எழுதிவிடுகிறார்கள். பதிவேட்டில் ஏறிவிட்ட பெயரைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. காலிக் கட்டத்தை நிரப்புவதோ சுலபம்.

பெற்றோரின் பெயரும் முகவரியும் தெரிந்த விவரங்கள்தான். அவற்றை ஆதாரில் உள்ள எழுத்துகளோடு ஒப்பிட்டு அன்றே சரியாக நிரப்ப வேண்டும். பின்னர் பெயர் முடிவானதும், பிறப்பைப் பதிந்த அதே அலுவலகத்தில் விண்ணப்பித்து, பெயருடன் புதிய சான்றிதழ் பெற்றுக்கொள்ளலாம்.