இயக்குநரின் நம்பிக்கைப் பொறுப்பும் நலமுரணும்



ஆலய நிலத்தைப் பராமரிக்கும் தர்மகர்த்தா ஒருவர் அந்நிலத்தைத் தாமே குத்தகைக்கு எடுத்துக்கொண்டால், உரிய குத்தகையைத் தவறாமல் அளந்தாலும் ஊரார் முகம் சுளிப்பர். அவர் திருடினார் என்று எவரும் சொல்வதில்லை. குத்தகையை உயர்த்திக் கேட்க வேண்டியவரும், குறைத்துக் கேட்க விரும்புபவரும் ஒருவரே ஆகிவிட்டார் என்பதே குறை. கம்பெனிச் சட்டம் இயக்குநரை ஏறத்தாழ இதே இடத்தில் நிறுத்துகிறது. கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் தனியொரு நபர். அதன் பணமும் வாய்ப்புகளும் அதற்கே உரியவை. அவற்றைப் பிறருக்காகக் கையாள்பவர் என்ற நிலையிலிருந்தே இயக்குநரின் நம்பிக்கைப் பொறுப்பு பிறக்கிறது.

இப்பொறுப்பின் எல்லை எதுவரை செல்கிறது என்பதை அறிய, 1942ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ரீகல் ஹேஸ்டிங்ஸ் வழக்கைவிடப் பொருத்தமானது வேறில்லை. அதில் கள்ளக்கணக்கு இல்லை. மறைத்த பணமும் இல்லை. நேர்மையானவர்கள் என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட இயக்குநர்கள்தாம் அதில் தோற்றனர்.

ரீகல் என்னும் கம்பெனிக்கு ஹேஸ்டிங்ஸ் நகரில் ஒரு திரையரங்கு இருந்தது. 1935இல் மேலும் இரண்டு திரையரங்குகளைக் குத்தகைக்கு எடுத்து, மூன்றையும் சேர்த்து விற்றால் நல்ல விலை கிடைக்கும் என்று அதன் இயக்குநர்கள் கருதினர். அதற்காக ஒரு துணைக் கம்பெனி தொடங்கப்பட்டது. அரங்குகளின் உரிமையாளரோ, துணைக் கம்பெனியின் செலுத்தப்பட்ட மூலதனம் 5,000 பவுனாக இருக்க வேண்டும், இல்லையேல் வாடகைக்கு இயக்குநர்கள் சொந்தப் பிணை தர வேண்டும் என்றார். பிணை தர இயக்குநர்கள் விரும்பவில்லை. ரீகலால் 2,000 பவுனுக்கு மேல் போட இயலாது என்று அவர்களே முடிவு செய்தனர். எஞ்சிய 3,000 பங்குகளில் நான்கு இயக்குநர்கள் ஆளுக்கு 500 எடுத்துக்கொண்டனர். தலைவர் தமக்கென வாங்காமல் வெளியார் சிலரை 500 பங்குகளுக்குச் சேர்த்தார். கம்பெனியின் சட்ட ஆலோசகர், இயக்குநர்கள் கேட்டுக்கொண்டதால், 500 பங்குகள் வாங்கினார்.

ஏறத்தாழ மூன்று வாரங்களில் இரு கம்பெனிகளின் பங்குகளும் விற்கப்பட்டன. துணைக் கம்பெனியின் பங்கு ஒன்றுக்கு 2 பவுன் 16 ஷில்லிங் 1 பென்னி ஆதாயம் வந்தது. 500 பங்குகள் வைத்திருந்தவருக்கு அது 1,402 பவுனுக்குச் சற்று மேல்.

பின்னர் ரீகலை வாங்கியவர்கள் புதிய இயக்குநர்களை அமர்த்தி, அந்த ஆதாயத்தைக் கேட்டுப் பழைய இயக்குநர்கள்மேல் ரீகலின் பெயரால் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வழக்கைத் தள்ளின. இயக்குநர்கள் நல்லெண்ணத்துடன் நடந்தனர். கம்பெனியிடம் பணம் இல்லை. அதற்கு இழப்பும் இல்லை. பிறகு எதைத் திருப்பித் தருவது என்பதே அந்நீதிமன்றங்களின் பார்வை.

பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. அப்பங்குகளை வாங்கும் வாய்ப்பு, இயக்குநர் பதவியின் காரணமாகவும் அப்பதவியின் பணியினூடேயும் அவர்களுக்குக் கிட்டியது. அது ஒன்றே போதும். வஞ்சம் இருந்ததா, கம்பெனிக்கு நட்டம் ஏற்பட்டதா, அந்த ஆதாயம் இல்லையேல் கம்பெனிக்குப் போயிருக்குமா என்ற வினாக்கள் எழவே இல்லை. நால்வரும் ஆதாயத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

இது கடுமையாகத் தோன்றலாம். திரும்பி வந்த பணம் ரீகலைப் புதிதாக வாங்கியவர்களுக்குத்தான் பயன்பட்டது; அவர்கள் கொடுத்த விலையில் ஒரு பகுதி அவர்களிடமே திரும்பியது போலாயிற்று. ஆயினும் கடுமைக்குக் காரணம் உண்டு. ரீகலிடம் 2,000 பவுன்தான் உண்டு என்று முடிவு செய்தவர்கள் யார்? மீதியை வாங்கி ஆதாயம் பெறப்போகும் அதே மனிதர்கள். கடன் வாங்கியாவது ரீகலுக்கே அப்பங்குகளை எடுத்திருக்க இயலாதா என்பதை ஐயமின்றி ஆராய அங்கே எவரும் இல்லை. ஆண்டுகள் கழித்து ஒரு நீதிமன்றம் அதை அறிவதும் அரிது. ஆகவே சட்டம் உள்ளத்தைத் தேடிப் போவதில்லை. அமர்ந்திருந்த இடத்தையே பார்க்கிறது.

தப்பியவர்கள் இருவர். தலைவர் தமக்கென ஆதாயம் பெறவில்லை. ஆகவே திருப்பித் தர அவரிடம் ஒன்றுமில்லை. சட்ட ஆலோசகர் இயக்குநர்களின் முழு அறிவோடும் இசைவோடும் வாங்கினார். நான்கு இயக்குநர்களுக்கும் இத்தகைய வழி திறந்தே இருந்தது. ரீகலின் பங்குதாரர் பொதுக்கூட்டத்தில், முன்னரோ பின்னரோ, ஒரு தீர்மானம் பெற்றிருந்தால் போதும் என்று தீர்ப்பே கூறுகிறது. தங்களுக்குத் தாங்களே இசைவு தந்துகொள்வது மட்டும் செல்லாது.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 166ஆம் பிரிவில் இக்கடமையை எழுத்தில் வடித்தது. கம்பெனியின் நலனோடு முரண்படும் நிலையில் மட்டுமன்றி, முரண்படக்கூடிய நிலையிலும் இயக்குநர் தம்மை ஈடுபடுத்திக்கொள்ளலாகாது. அந்நலன் நேரடியாகவும் இருக்கலாம், மறைமுகமாகவும் இருக்கலாம். தமக்கோ, உறவினருக்கோ, கூட்டாளிக்கோ முறையற்ற ஆதாயம் தேடியவர், அதற்கு ஈடான தொகையைக் கம்பெனிக்குச் செலுத்த வேண்டும்.

குடும்பத் தொழிலில் இது எவ்வாறு எழும்? ஆரணிப் பக்கம் ஓர் அரிசி ஆலை, தனியார் கம்பெனியாக நடக்கிறது என்று கொள்ளலாம். அண்ணன், தம்பி, பணம் போட்ட வெளியார் ஒருவர் என மூன்று இயக்குநர்கள். ஆலைக்குக் கிடங்கு தேவை. அண்ணனின் மனைவி பெயரில் பக்கத்திலேயே ஒரு கிடங்கு உண்டு. அதை வாடகைக்கு எடுப்பதில் தவறில்லை. ஒருவேளை அதுவே சிறந்த இடமாகவும் இருக்கலாம். ஆனால் மனைவி சட்டப்படி உறவினர். ஆதலால் அது 188ஆம் பிரிவு கூறும் தொடர்புடையோர் ஒப்பந்தம் ஆகிறது. வழக்கமான தொழில் நடவடிக்கையாகவும், அந்நியரிடம் பேசியது போன்ற விலையிலும் அமைந்தாலன்றி, இயக்குநர் குழுவின் தீர்மானம் வேண்டும். வாடகை, காலம், உறவு ஆகியவை கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே தெரிவிக்கப்பட வேண்டும். வாடகை ஆண்டு விற்றுமுதலில் பத்து விழுக்காட்டை எட்டினால் பங்குதாரர் தீர்மானமும் தேவை. இசைவு பெறாமல் செய்து, மூன்று மாதத்துக்குள் ஏற்பும் பெறாவிட்டால், கம்பெனி அவ்வொப்பந்தத்தை விலக்கிவிடலாம்.

இயக்குநருக்கு வேறு கம்பெனிகளிலும் கூட்டு நிறுவனங்களிலும் உள்ள தொடர்பை ஒவ்வொரு நிதியாண்டின் முதல் குழுக் கூட்டத்திலும் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது 184ஆம் பிரிவு. பலர் சென்ற ஆண்டின் தாளையே தேதி மாற்றிக் கையெழுத்திடுகின்றனர். இடையில் மகன் தொடங்கிய கடையில் தாம் கூட்டாளியானது அதில் ஏறுவதில்லை. அத்தகைய நிறுவனத்தோடு ஒப்பந்தம் பேசப்படும்போது, பொதுக் கம்பெனியில் அவர் விவாதத்தில் கலந்துகொள்ளலாகாது. தனியார் கம்பெனியில், தம் நலனை வெளியிட்ட பின் கலந்துகொள்ளலாம் என்று 2015இல் விலக்கு அளிக்கப்பட்டது. ஆண்டறிக்கையும் நிதிநிலை அறிக்கையும் தாக்கல் செய்யத் தவறிய கம்பெனிக்கு அவ்விலக்கு இல்லை.

ஒரு நுட்பம் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. சட்டத்தின் உறவினர் பட்டியலில் மகனும் மருமகளும், மகளும் மருமகனும், உடன்பிறந்தாரும் உண்டு. மைத்துனர் இல்லை, அண்ணன் மகனும் இல்லை. ஆகவே கிடங்கு மைத்துனர் பெயரில் இருந்தால் கவலையில்லை என்று சொல்வோர் உளர். 188ஆம் பிரிவைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். ஆனால் வாடகையின் ஒரு பங்கு மாதந்தோறும் அண்ணன் வீட்டுக்கே வருமானால், 166ஆம் பிரிவின் மறைமுக நலன் என்ற சொல் அவரைத் தொடும்.

அரிசி ஆலையின் அண்ணனிடம் விவரமறிந்த கணக்காய்வாளர் கேட்பது இவ்வளவே: அக்கம்பக்கத்துக் கிடங்குகள் இரண்டு மூன்றின் வாடகை விவரம் எழுத்தில் உண்டா? தம்பியும் வெளியாரும் அவற்றைப் பார்த்தனரா? அண்ணன் தம் நலனை வெளியிட்டதும், முடிவை மற்ற இருவர் எடுத்ததும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் அன்றைய தேதியிலேயே பதிவாகியுள்ளனவா?