இரவுக் காவலும் பகற்கொள்ளையும்
(பெரியதாழையில் நடந்த கூட்டத்தில் பேசியது)



இந்த ஊரில் கடலுக்குப் போகிறவர்கள் பலர். கடல் கைவிட்ட பிறகு தூத்துக்குடிக்குப் போய்க் கிட்டங்கியிலும், உப்பளத்திலும், கன்டெய்னர் யார்டிலும் வாட்ச்மேன் வேலை பார்க்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி ஒரு சிறு கதை சொல்ல விரும்புகிறோம். கதை என்றுதான் சொல்லுகிறோம். ஆளுக்குப் பெயர் இல்லை. ஆனால் இதைக் கேட்கிற உங்களில் சிலருக்கு, அவர் பக்கத்து வீட்டுக்காரராகவே தோன்றினாலும் தோன்றக்கூடும்.

அவருக்கு 41 வயதில் வலை இழுக்கத் தோள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஏஜென்சியின் மூலம் ஒரு கிட்டங்கியில் இரவுக் காவலுக்குச் சேர்ந்தார். இப்போது வயது 52. 11 வருஷமாக ஒரு லாரி உள்ளே வந்தால் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே போனால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறர் சொத்தில் ஒரு மூட்டை குறையாமல் கணக்கு வைத்தார். அவருடைய சொந்தக் கணக்கை வைத்தது யார் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. மாதக்கூலி 12,000 ரூபாய். சம்பளச் சீட்டில் “பி.எஃப். 1,440” என்று எழுதிப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தார்கள்.

மகள் கல்யாணத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுக்கலாமென்று போனபோது, “உங்கள் யு.ஏ.என். என்ன?” என்று கேட்டார்கள். அது 12 இலக்கமுள்ள எண்; பதிவான ஒவ்வொரு தொழிலாளிக்கும் உண்டு. இவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆதாரைக் கொண்டு தேடிப் பார்த்தார்கள். அவர் பெயரில் எண்ணுமில்லை, கணக்குமில்லை, ஒரு மாதத்துப் பணமுமில்லை.

கிட்டங்கி முதலாளியிடம் போனார்.

“முதலாளி, என் பி.எஃப். கட்டவே இல்லையாமே?”

“நான் எதுக்கு வே கட்டணும்? நீரு ஏஜென்சி ஆளு. அங்க போய்க் கேளும்.”

ஏஜென்சிக்குப் போனார். “பெரியவரே, நாங்க ஆள்தான் அனுப்புறோம். வேலை வாங்குறது அவங்க, அவங்கதான் கட்டணும்” என்றார்கள். கடைசியில் ஏஜென்சிக்காரர் பெரிய தயாள குணத்தோடு, “சரி, போனது போகட்டும். இந்த மாசத்திலிருந்து சேத்து விடுதோம்” என்றார். நம்மவரும் கும்பிட்டு விட்டு, “நம்ம தலைவிதி” என்று வீட்டுக்கு வந்தார்.

தோழர்களே! கதை இவ்வளவுதான். இனி இதை யோசித்துப் பார்ப்போம். 1,440 ரூபாயைச் சீட்டில் பிடித்தது விதியா, ஒரு மனிதனின் கையா? பிடித்ததைக் கட்டாமல் வைத்துக்கொண்டது கிரகமா, ஒரு மனிதனின் பெட்டியா? தொழிலாளியின் கூலியில் பிடித்த பங்கைக் கட்டாமலிருப்பதை நம்பிக்கை மோசடி என்று தண்டனைச் சட்டமே சொல்லுகிறது.

“இந்த மாதத்திலிருந்து சேர்க்கிறோம்” என்ற தயாளத்தில்தான் பெரிய பித்தலாட்டம் இருக்கிறது. எப்படியென்று கேளுங்கள். கூலியில் 12 சதவீதம் தொழிலாளி பங்கு. அதே அளவு முதலாளி பங்கு. இரண்டும் சேர்ந்து மாதம் 2,880. கூலி ஏறவே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், 11 வருஷத்துக்கு வட்டி இல்லாமலே 3,80,160 ரூபாய். இது முதல் நஷ்டம்.

இரண்டாவது நஷ்டம் இதைவிடப் பெரிது. முதலாளி பங்கில் பெரும் பகுதி, அதாவது கூலியில் 8.33 சதவீதம், பென்ஷன் நிதிக்குப் போகிறது. 58 வயதில் மாதப் பென்ஷன் வாங்கக் குறைந்தது 10 வருஷச் சேவை வேண்டும். கூலியைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவது பென்ஷன். நம்மவருக்குப் பழைய 11ஐயும் வரப்போகிற 6ஐயும் சேர்த்தால் 17 வருஷம். மாதம் சுமார் 2,914 ரூபாய், சாகும்வரை. இன்று புதிதாகச் சேர்த்தாலோ 58இல் 6 வருஷந்தான். மாதப் பென்ஷனே கிடையாது, ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆகவே, சேர்த்தார்களா என்பது மட்டும் கேள்வியல்ல. எந்தத் தேதியிலிருந்து சேர்த்தார்கள் என்பதே கேள்வி.

“நான் அல்ல, அவன்” என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் பாந்தர் செக்யூரிட்டி சர்வீஸ் என்ற காவல் ஏஜென்சி, காவலாளிகள் எங்கள் ஆட்களல்ல, பணம் கொடுக்கிற வாடிக்கைக்காரரின் ஆட்களே என்று இதே பாட்டைத்தான் பாடியது. 2001இல் பி.எஃப். அதிகாரிகள் சோதனை போட்டார்கள். பின்னர் சுமார் 42 லட்ச ரூபாய் கட்ட உத்தரவாயிற்று. ஏஜென்சி படிப்படியாக ஏறி உச்சநீதிமன்றம் வரை போயிற்று. 2020 டிசம்பர் 2இல் தீர்ப்பு வந்தது: வேலைக்கு எடுப்பதும் கூலி கொடுப்பதும் ஏஜென்சிதான், அந்தப் பணம் வாடிக்கைக்காரரிடமிருந்து வந்ததென்பதால் முதலாளி மாறிவிட மாட்டான் என்றார்கள். அதற்காகக் கிட்டங்கிக்காரர் தப்பிவிட்டதாகவும் எண்ண வேண்டாம். ஒப்பந்தக்காரன் கட்டாவிட்டால் அவன் ஆட்களுக்கும் சேர்த்துக் கட்டுவது மூல முதலாளியின் பொறுப்பு. பிறகு அதை ஒப்பந்தக்காரனிடம் அவரே வசூலித்துக் கொள்ளட்டும். எனவே மனுவில் இருவர் பெயரையும் எழுத வேண்டும்.

“ருசுவுக்கு எங்கே போவது? சீட்டைக்கூட வைத்திருக்கவில்லையே” என்று சிலர் கேட்கக்கூடும். நம்மவர் 11 வருஷமாகத் தன் ருசுவைத் தானே எழுதியிருக்கிறார்! வாசல் பதிவேட்டில் இரவுதோறும் அவர் போட்ட கையெழுத்தே சாட்சி. பாங்கு பாஸ்புக்கில் மாதாமாதம் விழுந்த கூலி சாட்சி. ஏஜென்சி கொடுத்த அடையாள அட்டையும், கையிலுள்ள நாலைந்து சீட்டும் சாட்சி. பதிவேடு முதலாளியிடம் இருக்கிறதென்றால், அதைக் கொண்டுவா என்று உத்தரவிடும் அதிகாரம் விசாரிக்கிற பி.எஃப். அதிகாரிக்கு உண்டு. நம் பக்கத்துக்குத் திருநெல்வேலி மண்டல அலுவலகத்துக்கு எழுதலாம். மனுவில் சேர்ந்த தேதி, வேலையிடம், கூலி, பிடித்த தொகை, கூட வேலை செய்தோர் எண்ணிக்கை ஆகியவை வேண்டும். எண்ணிக்கை ஏனென்றால், 20 பேருக்குக் குறைந்த இடத்துக்குச் சட்டம் பொதுவாகக் கட்டாயமில்லை. ஒப்பந்த ஆட்களை விட்டு விட்டு 19 என்று காட்டுவது ஒரு வழக்கமான தந்திரம். அவர்களும் கணக்கில் சேர்ந்தவர்களே.

கூலியிலேயே பிடிக்காமல் விட்டிருந்தால்? அப்போதும் பயப்பட வேண்டாம். பழைய மாதங்களின் தொழிலாளி பங்கை இப்போதைய கூலியில் பிடிக்கக் கூடாதென்பது பொது விதி. பிடிக்காதது முதலாளியின் குற்றம். இரு பங்கையும் அவரே கட்ட வேண்டும்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. 1952ஆம் வருஷத்துச் சட்டத்தில் இவ்விசாரணைக்குக் காலவரம்பு இருக்கவில்லை. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலோ, தகராறு எழுந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து 5 வருஷம் கடந்தால் விசாரணை தொடங்கக் கூடாதென்று வைத்துவிட்டார்கள். “விதி” என்று சும்மா கிடப்பவனுடைய வருஷங்கள் ஒவ்வொன்றாக முதலாளிக்குச் சொந்தமாகிவிடும்.

ஆகவே தோழர்களே! இந்தக் கூட்டத்தில் இரவுக் காவலுக்குப் போகிறவர் யாராயிருந்தாலும், நாளைக் காலையில் வேலை விட்டு வந்ததும் கேட்க வேண்டியவை இரண்டு: என் 12 இலக்க எண் என்ன? அதில் நான் சேர்ந்ததாக எழுதியிருக்கும் தேதி என்ன? முதற் கேள்விக்குப் பதில் கிடைத்து, இரண்டாவதற்கு அவர்கள் தலையைச் சொறிந்தால், அன்றைக்கே மனுவை எழுதத் தொடங்குங்கள்.