மெயில் போச்சு, ஸ்டீம் அக்கவுண்டும் போச்சா?

இந்த எபிசோடுக்குக் காரணம் எங்க அப்பாவோட பீரோ. ஏன்னு சொல்றேன்.

போன மாசம் புது லேப்டாப் வாங்கி, ஸ்டீம்ல லாகின் பண்ணேன். பாஸ்வேர்டு சரியாத்தான் இருந்துச்சு. ஆனா, "உங்க மெயிலுக்கு ஒரு கோட் அனுப்பியிருக்கோம்"னு வந்து நின்னுடுச்சு. அந்த மெயில் காலேஜ் முதல் வருஷம், 2016ல ஆரம்பிச்சது. திறந்து பார்த்தே பல வருஷம் ஆச்சு. பழைய லேப்டாப்பும் செத்துப்போச்சு. போன் நம்பர் சேர்த்து வைக்கவே இல்லை. உள்ளே அறுபது கேம் இருக்கு.

இப்படி மாட்டினா முதல்ல ஒரு விஷயத்தை உறுதி பண்ணிக்கோங்க. மெயில் நிஜமாவே அழிஞ்சுடுச்சா, இல்ல பாஸ்வேர்டுதான் மறந்துபோச்சா? வேற ஒரு மெயில்ல இருந்து அந்த அட்ரஸுக்குச் சும்மா ஒரு மெயில் போடுங்க. நான் போட்டது ஒரு நிமிஷத்துல திரும்பி வந்துச்சு, அதுல `550 5.1.1`னு இருந்தது. அப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னு அர்த்தம். மெயில் திரும்பி வரலைன்னாலோ, பெட்டி நிறைஞ்சிருக்குன்னு பதில் வந்தாலோ, அட்ரஸ் இன்னும் உயிரோட இருக்க வாய்ப்பு அதிகம். அப்போ மெயில் கம்பெனியோட பாஸ்வேர்டு மீட்பு வழியை முதல்ல முயற்சி பண்ணுங்க. கேம் கம்பெனிகிட்ட போறதைவிட அது சுலபம்.

அழிஞ்சுபோச்சுன்னா அப்புறம் பார்த்துக்கலாம்னு தள்ளிப்போடாதீங்க. கூகுள், ரெண்டு வருஷம் தொடாத தனிநபர் அக்கவுண்டுகளை 2023 டிசம்பர்ல இருந்து அழிக்க ஆரம்பிச்சது. அழிஞ்ச ஜிமெயில் முகவரியை அவங்க வேற யாருக்கும் தர்றதில்லை. ஆனா எல்லாரும் அப்படி இல்லை. யாஹூ 2013லயே, பயன்படுத்தாத ஐடிகளை வேற ஆளுங்களுக்குத் தரப்போறோம்னு அறிவிச்சது. உங்க பழைய முகவரி இன்னொருத்தர் கைக்குப் போனா, பாஸ்வேர்டை மாத்துற லிங்க்கும் அவருக்குத்தான் போகும். அதனாலதான் அவசரம்.

நான் `help.steampowered.com` போனேன். லாகின் பண்ண முடியலைன்னு சொல்லி, அக்கவுண்ட் பெயரைக் கொடுத்தேன். இந்த மெயில் இப்போ என்கிட்ட இல்லைன்னு ஒரு வழி இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தேன். அங்கதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. எத்தனை மணி நேரம் விளையாடினோம், ஃபிரெண்ட் லிஸ்ட்ல யார் இருக்காங்க, இதெல்லாம் ஆதாரமே இல்லை. புரொஃபைலைப் பார்க்கிற மத்தவங்களுக்கும் அது தெரியலாம். காசு கொடுத்தது யாருன்னுதான் பார்க்கிறாங்க. கார்டுல வாங்கியிருந்தா கார்டு விவரம், பேபால்னா அந்தப் பரிவர்த்தனை எண், கடையில வாங்கின டிஸ்க்னா அதுல இருக்கிற கீயோட போட்டோ. மெயில் சும்மா சாவிதான். பத்திரம் மாதிரி இருக்கிறது நீங்க வாங்கின கணக்கு.

என் முதல் கேம் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. வாங்கினது அப்பாவோட டெபிட் கார்டுல. அந்தக் கார்டு காலாவதி ஆகி வருஷக்கணக்காச்சு. தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். "அன்னைக்கு ஏதோ கேம்ஸ்னு காசு போச்சே, அதுதானே?"ன்னு கேட்டுட்டு பீரோவைத் திறந்தார். ரப்பர் பேண்ட் போட்டு ஏழு பழைய கார்டு! மனுஷன் எதையும் தூக்கிப் போடவே மாட்டார். எந்தக் கார்டுன்னு தெரியணுமே? பழைய பாஸ்புக்ல `STEAMGAMES.COM`னு ஒரு வரி, தேதியோட இருந்துச்சு. பாஸ்புக் இல்லைன்னா பேங்க்ல பழைய ஸ்டேட்மெண்ட் கேட்டு இந்தப் பெயரைத் தேடலாம்.

நான் கொடுத்தது கார்டு வகை, கடைசி நாலு எண், காலாவதித் தேதி, கார்டுல இருக்கிற பெயர். அப்பா பெயர்தான் இருக்கும், நான் அவர் மகன்னும் எழுதினேன். முழு கார்டு எண்ணோ, சிவிவியோ, ஓடிபியோ எழுதவே இல்லை. மீட்டுத் தர்றோம்னு டிஸ்கார்டுல வந்து அதையெல்லாம் கேட்கிறவன் திருடன். ஒரே விஷயத்துக்கு நாலு டிக்கெட்டும் போடலை. ரெண்டாம் நாள் பதில் வந்துச்சு, புது மெயிலை மாத்தியாச்சு.

எல்லாருக்கும் இது வேலை செய்யாது. இலவச கேம் மட்டும் ஆடியிருந்து, போன் நம்பரும் சேர்க்கலைன்னா, காட்டுறதுக்குப் பெருசா ஒண்ணும் இருக்காது. யார்கிட்டயாவது விலைக்கு வாங்கின அக்கவுண்ட்னா இன்னும் மோசம். முதல் ரசீது வச்சிருக்கிறவர்தான் சொந்தக்காரர், அது நீங்க இல்லை.

இதைக் கேட்கிறப்போ உங்க அக்கவுண்ட் லாகின்ல இருந்தா, லாக் அவுட் பண்ணாதீங்க. உள்ளே இருக்கிறப்போவே மெயிலை மாத்தி, போன் நம்பரைச் சேருங்க. அப்புறம் அக்கவுண்ட் விவரத்துல பர்ச்சேஸ் ஹிஸ்டரியைத் திறந்து, கீழே கடைசி வரைக்கும் போய், முதல்ல வாங்கினதோட வரியை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. எல்லார் வீட்டு பீரோவுலயும் எங்க அப்பா மாதிரி ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்க மாட்டாங்க.